டீச்சருக்கு மட்டும் இருநூறு

பில் வந்தபோது மேசையில் மூன்று போன்கள்தான் இருந்தன. நாலாவது போன் டீச்சரின் கைப்பைக்குள் இருந்தது. இதை மருந்துக்கடைக்காரி கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அவள் கவனமெல்லாம் தான் செய்யப்போகும் நல்ல காரியத்தில் இருந்தது.

நாலு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது ஒருத்தி வக்கீல், ஒருத்தி பல் டாக்டர், ஒருத்தி டீச்சர், ஒருத்தி மருந்துக்கடை வைத்திருக்கிறாள். ஐம்பதைத் தொடப்போகிறவர்கள் ஒருத்தியை ஒருத்தி "வக்கீல்", "பல்லு", "டீச்சர்", "மாத்திரை" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்காவது உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிள்ளைகள் பரீட்சை, மாமியார் ஆஸ்பத்திரி, எது வந்தாலும் இது தவறாது.

இந்தச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வக்கீல் போட்ட சட்டம். முறை வைத்து ஒருத்தி பில்லைக் கட்டுவாள். கட்டின கையோடு, போனில் இருக்கும் பணம் அனுப்புகிற ஆப்பில், நாலு பேர் குரூப்பைத் திறந்து, மொத்தத் தொகையைப் போட்டு, "செலவைப் பிரி" என்பதை அழுத்துவாள். ஆப் நாலாகப் பிரித்து மற்ற மூவருக்கும் அவரவர் பங்கைக் கேட்டு அனுப்பும். போன்கள் டிங் டிங் என்று அடிக்கும். மூன்று பேரும் அங்கேயே ரகசிய எண்ணைத் தட்டிக் கட்டிவிட வேண்டும். குரூப்பில் "4-ல் 4" என்று பச்சையாக வந்த பிறகுதான் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாம். யார் என்ன சாப்பிட்டாள், யார் எவ்வளவு சாப்பிட்டாள் என்ற பேச்சே கிடையாது. எல்லாம் சமம். ஒரு தடவை பல் டாக்டருக்கே பல்வலி வந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மற்றவர்களுக்குச் சமமாகக் கட்டினாள். அதைச் சொல்லிச் சொல்லி ரெண்டு வருஷம் சிரித்தார்கள்.

ஒரே ஒரு விலக்கு இருந்தது. அதுவும் வக்கீலுடையதுதான். ஒரு முறை அவள் போன் செத்துப்போய்விட்டது. "சார்ஜ் இல்லடி, வீட்டுக்குப் போய் போடறேன்" என்றாள். ராத்திரி போட்டாள். சட்டம் போட்டவளே மீறிவிட்டாள் என்று மற்ற மூவரும் அவளைக் கிழித்தார்கள். ஆனால் அந்த வழி அன்றைக்குத் திறந்துவிட்டது. அதை டீச்சர் மனசில் குறித்து வைத்திருந்தாள்.

டீச்சருக்கு வேலை போய் நாலு மாதம். தனியார் பள்ளிக்கூடம், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அவள் எடுத்த வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டு "அப்புறம் கூப்பிடறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். புருஷன் போய்ப் பத்து வருஷம். ஒரே மகள். தூரத்து ஊரில் ஹாஸ்டலில் தங்கி மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அந்தப் படிப்புக்காகத்தான் டீச்சர் உயிரோடு நடமாடுகிறாள் என்று சொன்னால் மிகையில்லை.

இது மருந்துக்கடைக்காரிக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்ததும் மாத்திரை வழியாகத்தான். பிரஷருக்கும் தைராய்டுக்கும் மாதம் மாதம் அட்டை அட்டையாக வாங்கிப்போகிறவள், திடீரென்று அரை அட்டை கேட்டாள். பிறகு, "நாலு மட்டும் வெட்டிக் குடு, மீதி வீட்ல இருக்கு" என்றாள். இருபது வருஷமாக மாத்திரை விற்கிறவளுக்கு இந்த வெட்டுக் கணக்கு தெரியாதா? பிரஷர் மாத்திரையை நாலு நாலாக வெட்டி வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வியாதிதான். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டாள். டீச்சர் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதடி. பல்லுக்குத் தெரிஞ்சா அவ பையனுக்குத் தெரியும், அவன் என் பொண்ணு காலேஜ்லதான் படிக்கறான். என் பொண்ணு காதுக்குப் போச்சுன்னா அவ்ளோதான், மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து நிப்பா. இன்னும் ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் தாட்டிட்டேன்னா போதும்."

"என் வாயிலேருந்து வராது" என்று மருந்துக்கடைக்காரி அவள் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணினாள். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள். அவள் வாயிலிருந்து கடைசிவரை ஒரு வார்த்தை வரவில்லை. அதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

அதற்கப்புறம் அவள் டீச்சருக்கு மாத்திரையைச் சும்மா கொடுக்க ஆரம்பித்தாள். "கம்பெனிக்காரன் சாம்பிள் குடுத்தான், காலாவதியாயிடும், எடுத்துட்டுப் போ" என்பாள். டீச்சர் அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்ப்பாள். இரண்டு வருஷம் தள்ளி இருக்கும். ஒன்றும் சொல்லாமல் பைக்குள் போட்டுக்கொள்வாள். பிறகு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்று, கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும் காகிதங்களைப் பார்ப்பாள். சர்க்கரைப் பரிசோதனை இலவசம், பால் பவுடர் தள்ளுபடி, கடைக்கு ஆள் தேவை. எல்லாவற்றையும் பரீட்சைத் தாள் போலப் படித்துவிட்டுப் போவாள்.

மருந்துக்கடைக்காரிக்கு அந்த நாட்களில் நெஞ்சுக்குள் ஒரு நிறைவு இருந்தது. இதைச் சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள், ஆனாலும் சொல்ல வேண்டும். ஒருத்தியின் கஷ்டம் நமக்கு மட்டும் தெரியும், நாம்தான் அவளைத் தாங்குகிறோம் என்பதில் ஒரு குளிர்ச்சி இருக்கிறது. அவள் கெட்டவள் இல்லை. நல்லவள்தான். நல்லவளாக இருப்பது அவளுக்குக் கொஞ்சம் பிடித்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டலைத் தேர்ந்தெடுத்தது பல் டாக்டர். புதுசாகத் திறந்தது, கண்ணாடிச் சுவர், துணி நாப்கின், தண்ணீருக்கே மூன்று வகை. மெனு அட்டையைத் திறந்ததும் டீச்சரின் கண் வலது பக்கம் ஓடியது. வலது பக்கம் விலை.

"எனக்கு சூப் போதும்டி. காலைல லேட்டா சாப்ட்டேன்" என்றாள்.

"சூப்பைக் குடிக்கவா ஊரைச் சுத்தி வந்த? இவளுக்கு ஒரு மீன் சொல்லுங்க" என்றாள் வக்கீல்.

"வேண்டாம்னா வேண்டாம்" என்று டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மருந்துக்கடைக்காரி தனக்கு ஒரு ரொட்டி மட்டும் சொன்னாள். மற்ற ரெண்டு பேரும் மீன், வறுத்த கோழி, ஐஸ்கிரீம் என்று ஒரு கை பார்த்தார்கள். பல் டாக்டர் தன் மகன் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டுவதைச் சொன்னாள். வக்கீல் ஒரு விவாகரத்து வழக்கில் புருஷனும் பெண்டாட்டியும் நாய்க்குட்டிக்காக அடித்துக்கொண்டதைச் சொன்னாள். டீச்சரும் சளைக்காமல் ஒரு கதை சொன்னாள். வகுப்பில் ஒரு பையன் விடைத்தாளில் அவளுக்கே கடிதம் எழுதி வைத்தானாம். "போன வாரம்தான்" என்றாள். போன வாரம் அவளுக்கு வகுப்பு ஏது? மருந்துக்கடைக்காரி தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

பில் நாலாயிரத்து எண்ணூறு. இந்த முறை கட்ட வேண்டியவள் மருந்துக்கடைக்காரி. பில்லில் இருந்த க்யூஆர் கட்டத்துக்குப் போனைக் காட்டிப் பணத்தைக் கட்டினாள். பிறகு குரூப்பைத் திறந்து, தொகையைப் போட்டாள். ஆப் வழக்கம்போல நாலு பேருக்கும் நேராக ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து இருநூறு என்று காட்டியது.

இத்தனை வருஷமும் இங்கே அவள் கண்ணை மூடிக்கொண்டு "கோரிக்கை அனுப்பு" என்பதை அழுத்தியிருக்கிறாள். இன்றைக்கு அழுத்தவில்லை. ஒவ்வொரு தொகையையும் தொட்டால் மாற்றலாம் என்பது அவளுக்குத் தெரியும். டீச்சரின் தொகையைத் தொட்டாள். பூஜ்யம் போடலாமா? பூஜ்யம் போட்டால் டீச்சருக்குக் கோரிக்கையே போகாது, போன் அடிக்காது, வக்கீல் உடனே கேட்பாள். அதனால் இருநூறு போட்டாள். மிச்சம் ஆயிரத்தைத் தன் பங்கில் ஏற்றி இரண்டாயிரத்து இருநூறு ஆக்கினாள். மற்ற ரெண்டு பேருக்கும் ஆயிரத்து இருநூறு அப்படியே. கூட்டினால் நாலாயிரத்து எண்ணூறு, சரியாக வந்தது.

அவள் போட்ட கணக்கு கடைக்காரியின் கணக்கு. கடைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மருந்துக்கும் வாங்கின விலை, விற்கிற விலை, யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். வாங்குகிறவர் கையில் போவது அவருடைய பில் மட்டும். பக்கத்தில் நிற்கிறவருக்கு எவ்வளவு குறைத்தாள் என்று இவருக்குத் தெரியாது. இந்த ஆப்பும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவரவருக்கு அவரவர் தொகை கேட்டுப் போகும், டீச்சர் மட்டும் தன்னுடையதைப் பார்த்து, நிமிர்ந்து, கண்ணால் ஒரு நன்றி சொல்லுவாள். குரூப்பில் இருக்கிற எல்லோருக்கும் எல்லோருடைய பங்கும் தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வாய்ப்பே வந்ததில்லை. வருஷக்கணக்காக எல்லோருக்கும் ஒரே எண். ஒரே எண்ணை நாலு தடவை யார் திறந்து பார்ப்பார்கள்?

அனுப்பினாள்.

மேசையில் இரண்டு டிங். ஒரு நொடி கழித்து, டீச்சரின் கைப்பைக்குள்ளிருந்து ஒரு டிங். டீச்சர் எதையோ சொல்ல வாயைத் திறந்திருந்தாள். மூடிக்கொண்டாள்.

வக்கீல் எப்போதும் கடைசி ஆளாகக் கட்டுகிறவள். அன்றைக்கு என்ன சனியனோ, முதல் ஆளாகக் கட்டிவிட்டாள். "பாருங்கடி, இன்னிக்கு நான்தான் ஃபர்ஸ்ட்! யாரு இன்னும் கட்டல, பேரைச் சொல்லு பாப்போம்" என்று பெருமையாகக் குரூப்பில் அந்தச் செலவைத் தொட்டுத் திறந்தாள். நாலு பேரும், நாலு தொகையும் வரிசையாக விரிந்தன.

"என்னடி இது?" என்றாள் வக்கீல். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "டீச்சருக்கு மட்டும் இருநூறு? மாத்திரைக்கு ரெண்டாயிரத்து இருநூறா?"

மருந்துக்கடைக்காரி தன் போனைக் கவிழ்த்தாள்.

"தப்பா... தப்பா அழுத்திட்டேன் போல" என்றாள்.

"தப்பா அழுத்தினா இப்படி ரவுண்டா ஆயிரம் இந்தப் பக்கம் நகருமா?" வக்கீலுக்கு இது தொழில். சாட்சி உளறினால் வாய் தானாகக் கேட்டுவிடும். "எங்களுக்கெல்லாம் சரியாத்தானே வந்திருக்கு?"

"அவ சூப்தானே குடிச்சா... அதான்..."

"அடிப்பாவி! அன்னிக்கு நான் பல்வலியோட பச்சைத் தண்ணி குடிச்சுட்டுச் சமமாக் கட்டினேனே, அப்போ எங்க போச்சு இந்தக் கரிசனம்?" என்றாள் பல் டாக்டர். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள். டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

அந்த முகம் எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வக்கீலின் கண் சூப் கிண்ணத்துக்குப் போனது, அங்கிருந்து டீச்சரின் பழைய செருப்புக்குப் போனது, அங்கிருந்து மருந்துக்கடைக்காரிக்கு வந்தது. தான் பேசியதை வாபஸ் வாங்க முடியாமல் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"பரவால்லடி, இப்ப என்ன, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் பல் டாக்டர் மெல்ல. அவள் நல்லதாகத்தான் சொன்னாள். அந்தக் குரல்தான் மோசமாக இருந்தது. பல் பிடுங்கப்போகிறவரிடம் பேசுகிற குரல்.

டீச்சர் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். இருநூறைக் கட்டினாள். டிங். அவசரமாகப் பல் டாக்டரும் தன்னுடையதைக் கட்டினாள். "4-ல் 4" வந்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"மீதி ஆயிரத்துக்கு எனக்குக் கேட்டு அனுப்பு" என்றாள் டீச்சர்.

"விடுடி..."

"சமமாப் போடறதுதானே நம்ம வழக்கம்? அனுப்பு."

வகுப்பறையில் பேசுகிற குரல். மருந்துக்கடைக்காரி மறுபடி குரூப்பைத் திறந்தாள். அனுப்பின செலவைத் திருத்த முடியாது. அதனால் புதிதாக ஒன்று போட்டாள். ஆயிரம். மற்ற பேர்களின் டிக்கை எடுத்துவிட்டு, டீச்சர் ஒருத்திக்கு மட்டும். அனுப்பின பிறகுதான் பார்த்தாள், அதுவும் குரூப்பில் எல்லோர் போனிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரே பேர், ஒரே தொகை. பக்கத்தில் "காத்திருக்கிறது".

டீச்சர் எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

"உள்ள சிக்னல் சரியா இல்ல. இதோ வந்துடறேன்" என்று எழுந்து, கை கழுவுகிற பக்கமாகப் போனாள்.

மற்ற மூன்று போன்களிலும் சிக்னல் முழுசாக இருந்தது. மூவருக்கும் அது தெரிந்தது. யாரும் சொல்லவில்லை.

மருந்துக்கடைக்காரியின் விரல் போனில் அந்த ஆயிரத்தின் மேல் நின்றது. கேட்டவளுக்கு ஒரு வசதி உண்டு. ரொக்கமாக வாங்கிக்கொண்டேன் என்று தானே குறித்துவிடலாம். குறித்தால் முடிந்தது. ஆனால் அதையும் ஆப் குரூப்பில் எழுதி வைக்கும், இன்னார் குறித்தார் என்று. ஒரு நல்ல காரியம் செய்து பார்த்தாகிவிட்டது. இரண்டாவதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. விரலை எடுத்துவிட்டாள்.

பத்து நிமிஷம் ஆனது. வெயிட்டர் வந்து தட்டுகளை எடுத்துப்போனார், மேசையைத் துடைத்தார், இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார்கள். கடைசியில் மூன்று போனும் ஒரே நேரத்தில் அடித்தன. டீச்சர் ஆயிரம் கட்டிவிட்டாள். பின்னாலேயே அவளும் வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

"கெளம்பலாமா?" என்றாள்.

வாசலில் வக்கீல் அவள் தோளில் கை போட வந்தாள். டீச்சர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டாள்.

மூன்றாம் நாள் டீச்சர் கடைக்கு வந்தாள். உள்ளே ஆள் இருந்தது. போகும்வரை ஓரமாக நின்றாள். பிறகு கல்லா மேசைக்கு முன்னால் வந்தாள். அழவில்லை.

"என்கிட்ட தொள்ளாயிரம் இருந்துச்சுடி" என்றாள். "போன தடவை ஆளுக்கு எழுநூறு வந்துச்சு, அந்தக் கணக்குல வெச்சிருந்தேன். கூட வந்தா, போன்ல சார்ஜ் இல்லன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய் எப்படியாவது போடலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் போனை மேஜை மேல வெக்கல. அணைக்கறதுக்குள்ள நீ அனுப்பிட்ட."

"எனக்கு எப்படிடி தெரியும்..."

"என்னைக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

மருந்துக்கடைக்காரி கல்லா இழுப்பறையைத் தள்ளி மூடினாள்.

"முந்நூறு இடிச்சுது. கை கழுவற எடத்துல நின்னு யாருக்குப் போன் பண்றது? நீங்க மூணு பேரும்தான் எனக்கு ஆளு. மூணு பேரும் மேஜைல உக்காந்திருக்கீங்க. என் பொண்ணுக்குத்தான் போட்டேன். 'ஓட்டல்ல இருக்கேன், ஒரு முந்நூறு அனுப்புடா'ன்னேன். அனுப்பிட்டா. அனுப்பிட்டு, 'ஏம்மா, உங்ககிட்ட முந்நூறு இல்லையா? இன்னும் சம்பளம் வரலையா?'ன்னா. தோண்டித் தோண்டிக் கேட்டா. அங்க, கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு எத்தனை பொய்டி சொல்றது? சொல்லிட்டேன்."

"ஐயோ" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"நீ கெடுதல் பண்ணணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் உன்னைத் திட்டக்கூட முடியல" என்றாள் டீச்சர். "பழைய டியூஷன் பாக்கி ஒண்ணு நேத்து வந்துச்சு." போனை எடுத்து எதையோ தட்டினாள். மருந்துக்கடைக்காரியின் போன் அடித்தது. எழுநூற்று அறுபது வந்திருந்தது. கூடவே ஒரு குறிப்பு: சாம்பிள் மாத்திரை.

"இது வேணாம்டி, சத்தியமா வேணாம்."

பணம் கேட்டு வந்தால் மாட்டேன் என்று சொல்ல அந்த ஆப்பில் பொத்தான் இருக்கிறது. பணமாகவே வந்துவிட்டால், வேண்டாம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அது பாட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் அவளும் திருப்பி அனுப்புவாள். மருந்துக்கடைக்காரி போனைக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்ந்தபோது டீச்சர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். இந்த முறை கதவில் ஒட்டியிருந்ததை அவள் நின்று படிக்கவில்லை. அன்று சாயங்காலம் குரூப்பில் ஒரு வரி வந்தது. டீச்சர் குரூப்பிலிருந்து விலகிவிட்டார்.

வக்கீல் தனியாகப் போன் பண்ணினாள். "என் வாயை அறுக்கணும்" என்றாள். "நீ ஏன்டி சொல்லல?"

"சத்தியம் பண்ணியிருந்தேன்."

"நல்லாக் காப்பாத்தின போ" என்றாள் வக்கீல். சொல்லிவிட்டு அவளே, "சாரிடி" என்றாள். ரெண்டு பேரும் மாறி மாறி டீச்சருக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். அடித்தது, எடுக்கவில்லை.

மூன்று வாரம் போனது. மருந்துக்கடைக்காரி டீச்சரின் மாத்திரையில் இரண்டு அட்டையைத் தனியாக எடுத்து, கல்லாவுக்குக் கீழே வைத்திருந்தாள். வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. வேறு கடையில் வாங்குகிறாளோ, இல்லை வாங்குவதே இல்லையோ என்று நினைத்தால் தூக்கம் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில், கதவுக்கு வெளியே ஒரு பெண் நின்று காகிதங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். தோளில் பெரிய பை. டீச்சர் நிற்கிற மாதிரியே நின்றாள். உள்ளே வந்தபோதுதான் அவளுடைய மகள் என்று தெரிந்தது.

"மருந்து சித்தி" என்றாள். குழந்தையிலிருந்து அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நீ எங்கடா கண்ணு இங்க? காலேஜ் லீவா?"

"ஒரு வருஷம் நிறுத்தி வெச்சிருக்கேன் சித்தி. எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். அப்புறமாப் போய் சேந்துக்கலாம், சேத்துக்குவாங்க." இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகின மாதிரி சொன்னாள். "கடைக்கு ஆள் தேவைன்னு போட்டிருக்கீங்களே, அதுக்குத்தான் வந்தேன். கம்ப்யூட்டர்ல பில் போடுவேன். மருந்துப் பேரெல்லாம் கத்துக்கறேன்."

மருந்துக்கடைக்காரி கல்லாவை விட்டு வெளியே வந்தாள்.

"நீ படிக்கப் போ. பணத்தை நான் பாத்துக்கறேன். இல்ல, இரு... அம்மாவை வரச் சொல்லு. அம்மா இங்க வேலை பாக்கட்டும். எனக்கு ஏன் இது தோணாமப் போச்சு! வீட்டுக்கு வந்து நானே கேக்கறேன்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். கோபமெல்லாம் இல்லை. அவள் அம்மாவுக்குப் பிறந்தவள்தான், பொறுமையாக விளக்கினாள்.

"அம்மா வர மாட்டாங்க சித்தி. ரெண்டு மாசமா ஒவ்வொரு தடவையும் மாத்திரை வாங்க வரும்போது இந்த போர்டைப் பாத்துட்டு நின்னாங்களாம். நீங்க ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு. தானா கேக்கக் கூச்சமா இருந்துச்சாம். இப்ப நீங்க கேட்டா, அது பாவம்னு கேக்கற மாதிரிதான் அவங்களுக்கு இருக்கும்."

கடையில் ஒரு பெரியவர் இருமல் மருந்து கேட்டு வந்து நின்றார். மருந்துக்கடைக்காரி எடுத்துக் கொடுத்தாள், மீதிச் சில்லறை கொடுத்தாள், கை தானாகச் செய்தது. கதவில் இருந்த காகிதத்தின் பின்பக்கம் அவளைப் பார்த்தபடி இருந்தது. கடைக்கு ஆள் தேவை. அவள் கையால் எழுதி ஒட்டியது. டீச்சர் அதைப் படித்துக்கொண்டு நிற்பதை அவள் எத்தனை முறை பார்த்திருப்பாள்? ஒவ்வொரு முறையும், பாவம், போக மனசில்லாமல் நிற்கிறாள் என்றுதான் நினைத்திருக்கிறாள். டீச்சரைப் போய்க் கல்லாவில் உட்காரச் சொல்வதா என்றுகூட அவள் யோசித்ததில்லை. அந்த யோசனையே அவளுக்கு வரவில்லை. சும்மா கொடுக்க மட்டும்தான் தோன்றியது.

பெரியவர் போனதும் அந்தப் பெண் கேட்டாள்: "சம்பளம் எவ்வளவு சித்தி?"

மருந்துக்கடைக்காரியின் வாயில் ஒரு பெரிய தொகை வந்து நின்றது. முன்னால் இருந்த ஆளுக்குக் கொடுத்ததைப்போல இரண்டு பங்கு. அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்து, வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிற மாதிரி.

"முன்னாடி இருந்தவங்களுக்குக் குடுத்ததுதான்" என்றாள் மருந்துக்கடைக்காரி. தொகையைச் சொன்னாள். "காலைல ஒம்பது மணிக்கு வந்துடணும். ஞாயித்துக்கிழமை லீவு."

"சரி சித்தி" என்றாள் அவள். பையை இறக்கி உள்ளே வைத்துவிட்டு, கதவில் இருந்த காகிதத்தை ஓரத்திலிருந்து கிழியாமல் பிரித்தாள்.

கல்லாவுக்குக் கீழே இருந்த இரண்டு அட்டையை மருந்துக்கடைக்காரி எடுத்து மேசை மேல் வைத்தாள். "இது அம்மாவோடது" என்றாள்.

"பில் போடுங்க" என்றாள் மகள்.

மருந்துக்கடைக்காரி பில் போட்டாள்.